புதுப்பிப்பு: ஒன்றரைப் பக்க விடுப்புக் கடிதம் நாலு வரியானது

"அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. விடுப்புக் கடிதம் ஒன்றரைப் பக்கம் போகிறது, எதை வெட்டுவது?" என்று இங்கே கேட்டிருந்தேன்.

அனுமதி கிடைத்துவிட்டது. மனிதவளத் துறையில் இருந்தவர் சுட்டிக்காட்டியதுதான் கண்ணைத் திறந்தது: பழைய கடிதத்தில் தேதி பதினோராவது வரியில்தான் வந்தது, அதுவும் 'அடுத்த வாரம் நாலைந்து நாள்' என்று. அனுப்பியது இது:

"என் தாயாரின் கண் அறுவை சிகிச்சையின்போது உடனிருக்க, மார்ச் 10 திங்கள் முதல் 14 வெள்ளி வரை 5 வேலை நாட்கள் விடுப்பு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். 17 அன்று பணிக்குத் திரும்புவேன். விலைப்பட்டியல் சரிபார்ப்பை எங்கள் குழுவின் மூத்த கணக்காளர் கவனிக்க ஒப்புக்கொண்டுள்ளார். கோப்புகளை 7-ஆம் தேதி ஒப்படைப்பேன்."

மருத்துவர் சொன்னது, அண்ணன் வர முடியாதது எல்லாம் போய்விட்டது. 'சொந்த வேலை என்று போட்டால் போதும்' என்றார் ஒருவர். ஒரு நாளுக்குச் சரி, ஐந்து நாளுக்கு மேலாளர் திரும்பக் கேட்பார். 'ஒப்புக்கொண்டுள்ளார்' என்று எழுதும் முன் அவரிடம் நிஜமாகவே கேட்டுவிடுங்கள், நான் முதலில் கேட்கவில்லை. தன் திருமண விடுப்பு மறுக்கப்பட்டதைச் சொன்ன தம்பி, உங்கள் கடிதத்தில் ஒப்படைப்பு பற்றி ஒரு வரிகூட இல்லையே, அதனாலோ என்னவோ.

கைபேசி எண் சேர்க்க வேண்டுமா என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை, நான் சேர்க்கவில்லை.