`Fixes #41, #42, #43`: காற்புள்ளி போட்டால் மூன்றும் மூடுமா?

நெய்தல்:
புல் ரிக்வெஸ்ட் விளக்கத்தில் ஒரே ஒரு முறை `Fixes` என்று எழுதி, பின்னால் இஷ்யூ எண்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கினால் போதும். மெர்ஜ் ஆனதும் எல்லாம் தானாக மூடிக்கொள்ளும். ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் `Fixes` எழுதச் சொல்கிறவர்கள் புதியவர்களை வீணாக அலைக்கழிக்கிறார்கள். என் குழுவில் ஐந்து ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம்.

அரசமரம்:
இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. கிட்ஹப்பில் முதல் எண் மட்டும்தான் மூடும். மற்ற இரண்டும் வெறும் குறிப்புகளாக நிற்கும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். பில் போடும் மென்பொருள் ஒன்று. #41 கூட்டுத்தொகையில் ஒரு பைசா வேறுபடுவது, #42 அச்சில் ரூபாய்க் குறி கட்டமாக வருவது, #43 பழைய பில்லைத் திறந்தால் தேதி ஒரு நாள் பின்னால் போவது. மூன்றையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் சரிசெய்து, நீங்கள் சொல்கிற மாதிரியே காற்புள்ளி போட்டு எழுதினார் எங்கள் குழுவில் ஒருவர். வெள்ளிக்கிழமை மாலை மெர்ஜ். #41 மட்டும் மூடியது. வெளியீட்டுக் குறிப்பை மூடிய இஷ்யூக்களைப் பார்த்துத்தான் எழுதுவோம், அதனால் மற்ற இரண்டும் குறிப்பிலேயே இல்லை. திங்கட்கிழமை வேலைக்குப் புதிதாக வந்த பையன் #42 திறந்திருப்பதைக் கண்டு கையில் எடுத்தான். இல்லாத பிழையை இரண்டு நாள் தேடினான். கடைசியில் எழுத்துருவை மாற்றிவைத்தான். நன்றாக இருந்த அச்சு அதன்பிறகுதான் கெட்டது.

எழுத வேண்டிய முறை இது:

```
Fixes #41
Fixes #42
Fixes #43
```

ஒரே வரியில் வேண்டுமானால் `Fixes #41, fixes #42, fixes #43`. காற்புள்ளி இருக்கலாம், ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் சொல் வேண்டும்.

நெய்தல்:
உங்கள் குழுவில் யாரோ கவனமில்லாமல் இருந்ததற்குக் காற்புள்ளியைக் குற்றம் சொல்லாதீர்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். போன வாரம்கூட !118இல் நான்கு எண்களை அடுக்கினேன். நான்கும் மூடின.

முகில்:
எனக்கும் இதே பிரச்சினைதான். ஆனால் எனக்கு ஒன்றுகூட மூடுவதில்லை! அரசமரம் ஐயா சொல்கிற மாதிரி ஒவ்வோர் எண்ணுக்கும் `Fixes` போட்டுத்தான் எழுதுகிறேன். நாங்கள் எல்லாவற்றையும் முதலில் `develop` பிராஞ்சில் சேர்த்து, மாதம் ஒருமுறை `main`க்குக் கொண்டுபோகிறோம். ஆக, இந்தச் சொல்லைப் புல் ரிக்வெஸ்டில் எழுதுவதே தவறு, கமிட்டில்தான் எழுத வேண்டும் என்று என் நண்பர் சொல்கிறார். சரியா?

அரசமரம்:
முகில், உங்கள் சிக்கல் வேறு. காற்புள்ளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரெப்போவின் இயல்புநிலை பிராஞ்ச் எதுவோ, அதை நோக்கி அனுப்பும் புல் ரிக்வெஸ்டில்தான் இந்தச் சொற்களுக்கு மதிப்பு. உங்களுக்கு அது `main`. நீங்கள் அனுப்புவதோ `develop`க்கு. அதனால் விளக்கத்தில் எத்தனை முறை `Fixes` எழுதினாலும் கிட்ஹப் அதைக் கண்டுகொள்ளாது, இணைப்பும் உருவாகாது.

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. கமிட் செய்தியில் எழுதினால், அந்தக் கமிட் என்றைக்கு `main`ஐ அடைகிறதோ அன்றைக்கு இஷ்யூ மூடும். உங்கள் முறைக்கு அதுதான் பொருந்தும், பிழை உண்மையாக வெளியே போகும் நாளில்தான் மூடும் என்பதால். ஆனால் இஷ்யூ பக்கத்தின் ஓரத்தில் புல் ரிக்வெஸ்ட் இணைந்ததாகக் காட்டாது. இன்னொன்று: ஸ்குவாஷ் செய்து மெர்ஜ் செய்கிறீர்களானால், கடைசிக் கமிட்டின் செய்தியை அழுத்துவதற்கு முன் படியுங்கள். அந்தப் பெட்டியில் எவரேனும் வரிகளைச் சுத்தம் செய்துவிட்டால் `Fixes`உம் அதோடு போய்விடும். புல் ரிக்வெஸ்ட் விளக்கத்தில் இருப்பதும் தானாகக் கமிட்டுக்குள் வராது, ரெப்போ அமைப்பில் அப்படித் தேர்ந்தெடுத்திருந்தால் ஒழிய.

நெய்தலுக்கு: !118 என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்டுக்கும் இஷ்யூவுக்கும் ஒரே எண்வரிசை, இரண்டுக்கும் `#`தான். ஆச்சரியக்குறி கிட்லேப்பில் வழங்குவது. நீங்கள் இருப்பது கிட்லேப்பில், இல்லையா?

நெய்தல்:
கிட்லேப்தான். அதனால் என்ன? நான் எந்தத் தளம் என்று எங்கே சொன்னேன்? காற்புள்ளி போட்டால் மூடும் என்றேன். மூடுகிறது.

அரசமரம்:
"புல் ரிக்வெஸ்ட்" என்று தொடங்கியது நீங்கள். கிட்லேப்பில் அதற்கு மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்று பெயர். கிட்லேப் `Closes #4, #6 and #7` என்று எழுதினால் மூன்றையும் மூடும், அதை நான் மறுக்கவில்லை. மூடும் சொற்களைத் தேடும் விதி அங்கே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. சொந்தச் சர்வரில் வைத்திருப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ளவும் முடியும். கிட்ஹப்பில் அப்படி இல்லை. ஓர் ஊரின் பஸ் நேரத்தை வைத்துக்கொண்டு இன்னோர் ஊரில் நிற்பவரை ஓடச் சொல்கிறீர்கள்.

தாழை:
காற்புள்ளியைப் பற்றி இத்தனை பேசுகிறீர்களே, சோதிப்பவர்கள் படும் பாட்டைக் கேளுங்கள். நான் பதிவிட்ட #57ஐ ஒரு நிரலாளர் மூடிவிட்டார். போய்ப் பார்த்தால் புல் ரிக்வெஸ்டில் `This does not fix #57 fully` என்று எழுதியிருக்கிறார். முழுமையாகச் சரியாகவில்லை என்று எழுதியதற்காகவே மூடிக்கொண்டது! மறுபடி திறந்தேன். "நான் மூடவில்லை" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். மூன்று மாதம் ஆகிறது, இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அரசமரம்:
அவர் சொன்னதும் பொய்யில்லை. கிட்ஹப் வாக்கியத்தைப் புரிந்துகொள்வதில்லை. `fix` என்ற சொல்லும் அதையடுத்து `#57`உம் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். முன்னால் இருக்கும் `not` அதற்குத் தெரியாது. பாதி வேலைக்கு `Refs #57` என்று எழுதச் சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு எந்த மந்திரமும் இல்லை, எண் இருப்பதால் இஷ்யூவில் ஒரு குறிப்பு விழும், அவ்வளவுதான். மூடும் சொற்கள் `close`, `fix`, `resolve`, அவற்றின் `-s`, `-d` வடிவங்கள் என ஒன்பதே.

பனங்காடு:
எல்லோருமே `Fixes`ஐத் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள். லினக்ஸ் கெர்னலில் `Fixes:` என்றால் பிழையை உண்டாக்கிய கமிட்டைக் காட்டுவது. ஹேஷின் முதல் 12 எழுத்துகளாவது வேண்டும், அடைப்புக்குறிக்குள் தலைப்பும் வேண்டும்:

```
Fixes: 1f2e3d4c5b6a ("subsystem: short title")
```

எந்தப் பழைய பதிப்புகளுக்கு இந்தத் திருத்தம் போக வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பிழை அறிக்கையைச் சுட்ட `Closes:` போட்டு முழு முகவரியைக் கொடுப்போம். எண்ணைப் போட்டு இஷ்யூவை மூடுவதெல்லாம் அந்தந்தத் தளம் செய்துகொண்ட வசதி.

நெய்தல்:
ஆக, அரசமரம் சொல்வதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நன்றி, பனங்காடு.

பனங்காடு:
நான் உங்கள் பக்கம் பேசவில்லை, அம்மா. உங்கள் காற்புள்ளி எங்கள் பக்கம் வந்தால் பேட்ச் திரும்பிவரும்.

தாழை:
"புல் ரிக்வெஸ்ட்" என்பதைத் தமிழில் சொன்னால் என்ன? இணைப்புக் கோரிக்கை என்று நான் எழுதுகிறேன்.

பனங்காடு:
இணைப்பு என்றால் மெர்ஜா, லிங்கா? இந்தத் தலைப்பே இஷ்யூவோடு இணைப்பதைப் பற்றியது. இன்னும் குழப்பமாகும். இழுவைக் கோரிக்கை என்று சிலர் எழுதுகிறார்கள்.

தாழை:
இழுவை என்றால் மீன்பிடி வலைதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரில் அப்படித்தான்.

அரசமரம்:
பெயர்ச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததை முடிக்க விடுங்கள். காற்புள்ளி வேலை செய்ததா என்று மெர்ஜுக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் பக்கத்தின் வலது ஓரத்தில் `Development` என்ற பகுதி இருக்கிறது. மூன்று எண் எழுதியிருந்தால் அங்கே மூன்று இஷ்யூ தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதா, ஒன்றுதான் மூடும். அன்றைக்கு எங்கள் குழுவில் எவரும் அந்த ஓரத்தைப் பார்க்கவில்லை, நான் உட்பட. அங்கேயே கையால் இணைக்கவும் முடியும், ஒரு புல் ரிக்வெஸ்டுக்குப் பத்து இஷ்யூ வரை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் `#42` என்கிறார், ஒருவர் முழு முகவரியை ஒட்டுகிறார், ஒருவர் `GH-42` என்கிறார். கிட்ஹப் மூன்றையும் புரிந்துகொள்ளும். ஆனால் `git log --grep='#42'` புரிந்துகொள்ளாது. இரண்டாமவரும் மூன்றாமவரும் எழுதியது அதில் அகப்படாது, போதாததற்கு `#421`உம் சேர்ந்து வரும். ரூபாய்க் குறியைத் தொட்ட கமிட்டுகளைத் தேடி நான் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

நெய்தல்:
நீளமாக எழுதினால் சரியாகிவிடாது. என் கேள்வி ஒன்றுதான். காற்புள்ளி போட்டு நான்கு எண் எழுதினேன், நான்கும் மூடின. இது உண்மையா, பொய்யா?

அரசமரம்:
கிட்லேப்பில் உண்மை.

நெய்தல்:
உண்மை என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

அரசமரம்:
பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன் என்கிறீர்கள். உங்கள் முதல் பதிவைப் பார்த்து நாளைக்கு எவனோ கிட்ஹப்பில் எழுதுவான், இன்னொரு பையன் இரண்டு நாள் எழுத்துருவோடு மல்லுக்கு நிற்பான். அந்தப் பதிவில் "கிட்லேப்பில்" என்ற ஒரு சொல்லைச் சேருங்கள். அதைத்தான் கேட்கிறேன்.

நெய்தல்:
சேர்க்க மாட்டேன். கிட்ஹப்தான் திருந்த வேண்டும். மனிதர்கள் இயல்பாக எழுதுவதை அது புரிந்துகொள்ளவில்லை என்றால் குறை எழுதுகிறவரிடம் இல்லை.

தாழை:
இதில் மட்டும் நெய்தல் சொல்வதை ஏற்கிறேன். `not` என்பதையே புரிந்துகொள்ளாத ஒன்றிடம் இஷ்யூவை மூடும் அதிகாரத்தை ஏன் கொடுக்க வேண்டும்? ரெப்போ அமைப்பில் இந்தத் தானியங்கி மூடலை நிறுத்தும் தேர்வு இருக்கிறது. எங்கள் குழுவில் நிறுத்தச் சொல்லப்போகிறேன். சோதித்தவர்தான் மூட வேண்டும்.

அரசமரம்:
நிறுத்தினால் எல்லாம் திறந்தே கிடக்கும். ஒரு மாதம் கழித்து வந்து சொல்லுங்கள்.

தாழை:
திறந்து கிடந்தால் கண்ணிலாவது படும். மூடியது எவர் கண்ணிலும் படாது.

முகில்:
அரசமரம் ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி கமிட்டிலேயே எழுதினேன். நேற்று இரவு `develop`ஐ `main`க்குக் கொண்டுபோனோம். #61 மூடிவிட்டது, மிக்க நன்றி. ஆனால் #62 அப்படியே நிற்கிறது. கமிட்டில் `Fixes #61 and #62` என்றுதான் எழுதியிருக்கிறேன். இத்தனை பேர் சொன்ன பிறகு காற்புள்ளியே போடவில்லை. பிறகு ஏன் மூடவில்லை?