144 ஹெர்ட்ஸ் திரை, 60 ஃபிரேம் ஆட்டம்: விக்கல் எங்கிருந்து வருகிறது?

வெயிலான்:
போன மாதம் 144 ஹெர்ட்ஸ் திரை, 720 ஹெர்ட்ஸ் டச் சாம்பிளிங் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்த ஒரு போன் வாங்கினேன். பிஜிஎம்ஐ-யில் கிராபிக்ஸ் Smooth, ஃபிரேம் ரேட் Extreme. அதற்கு மேல் என் போனில் திறக்கவில்லை. தம்பியிடம் இருப்பது இரண்டு வருடப் பழைய 120 ஹெர்ட்ஸ் போன், அதிலும் அதே Extreme தான். ஸ்கோப் போட்டுப் பக்கவாட்டில் திருப்பினால் அவனுடையது வழுக்கிக்கொண்டு போகிறது, என்னுடையது லேசாக விக்குகிறது. ஏமாந்துவிட்டேனா?

ரீகோயில் ராஜா:
ஏமாந்துவிட்டாய் ப்ரோ. மனிதக் கண்ணுக்கு 60-க்கு மேல் தெரியாது. 90, 120, 144 எல்லாம் விலையை ஏற்ற ஒட்டும் ஸ்டிக்கர். Extreme என்றால் 60 ஃபிரேம். ஆட்டமே 60 தான் கொடுக்கிறது என்றால் மீதி 84 எங்கே போகும்? பேட்டரியைத் தின்பதற்குத்தான்.

கடைக்காரன்:
கண்ணுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் மொபைல் கடை வைத்திருக்கிறேன். ஒரே மாடல் போன் இரண்டில் ஒன்றை 60-லும் இன்னொன்றை 120-லும் வைத்து, எதையும் சொல்லாமல் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கச் சொல்வேன். அறுபது வயதுக்காரர்கள்கூட "இது கொஞ்சம் வேகமா இருக்கே" என்று சரியான போனைத்தான் காட்டுகிறார்கள். ஆட்டம் 60-ல் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

டெல்டா:
வெயிலான், உங்கள் பிங் எவ்வளவு? எனக்கும் இப்படித்தான் விக்கிக்கொண்டிருந்தது. வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

பழைய பேட்டரி:
டெல்டா, பிங் கெட்டால் எதிரி தாவித் தாவி ஓடுவான், சுட்ட குண்டு பதிய நேரமாகும். நம் ஸ்கோப் திரும்புவது சர்வரைக் கேட்டு நடப்பதில்லை, போனுக்குள்ளேயே முடிகிற வேலை. இங்கே நெட்டை விட்டுவிடலாம்.

வெயிலான், முதலில் ஒன்று பாருங்கள். Developer options-இல் `Show refresh rate` என்று இருக்கும், அதை இயக்கினால் திரை மூலையில் ஓர் எண் வரும். ஆட்டத்துக்குள் போய், ஸ்கோப் திருப்பும்போது அது என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள். அது தெரியாமல் பேசினால் இருட்டில் கல் எறிகிற கதைதான்.

வெயிலான்:
பார்த்தேன் அண்ணா. லாபியிலும் 144, ஆட்டத்திலும் 144. அசையவே இல்லை. தம்பி போனில் ஆட்டத்துக்குள் 120.

பழைய பேட்டரி:
அப்படியென்றால் உங்கள் விக்கலுக்குக் காரணம் வகுத்தல் கணக்கு.

தம்பி போனில் திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கிறது, ஆட்டம் 60 படம் தருகிறது. ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை திரையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி நொடி, எல்லாம் ஒரே அளவு.

உங்களுடையதில் 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4 வருகிறது. படத்தை 2.4 முறை காட்ட முடியாதே. அதனால் ஒரு படம் 3 முறை, அடுத்த இரண்டும் 2 முறை, பிறகு 3, பிறகு 2 என்று போகும். ஐந்து படத்துக்கு 12 முறை, கணக்கு சரியாகிவிடும். ஆனால் 3 முறை நிற்கிற படம் 20.8 மில்லி நொடி இருக்கிறது, 2 முறை நிற்பது 13.9 தான். நீங்கள் விரலைச் சீராக இழுக்கிறீர்கள், படம் ஒன்று தங்கி ஒன்று ஓடுகிறது. ஃபிரேம் கவுண்டரைக் கேட்டால் "60, எந்தக் குறையும் இல்லை" என்று சொல்லும். அது சராசரிதானே. கண்தான் பிடிக்கிறது.

திரை அமைப்பில் 144-க்குக் கீழே 120 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு ஒரு மேட்ச் ஆடுங்கள்.

ரீகோயில் ராஜா:
நான் சொன்னதைத்தானே நீங்களும் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்? 144 வேஸ்ட். அப்படியே 60-க்கு இறக்கிவிட்டால் 60-க்கு 60, வகுத்தலே வேண்டாம், சார்ஜும் மிச்சம்.

பழைய பேட்டரி:
பாதி சரி. சீராக ஓடுவதற்கு 60-ம் போதும், 120-ம் போதும். நேரத்தில்தான் வித்தியாசம். ஆட்டம் ஒரு படத்தை முடித்து வைத்ததும் அது அடுத்த புதுப்பிப்புக்காகக் காத்திருக்கிறது. 60-ல் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது 16.7 மில்லி நொடி கழித்து, 120-ல் 8.3 கழித்து. திரை மேலிருந்து கீழாகத் தன்னை எழுதி முடிப்பதும் 120-ல் பாதி நேரத்தில் முடிகிறது. அதனால் அதே 60 ஃபிரேம் ஆட்டம் 120 திரையில் விரலுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். சார்ஜ் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, மறுக்கவில்லை.

நிலா_ஜைரோ:
இந்த வகுத்தல் 90-க்கும் உண்டா அண்ணா? என் போனில் 90 ஃபிரேம் திறந்திருக்கிறது, திரை 120. முதல் பத்து நிமிடம் பரவாயில்லை, அப்புறம் போன் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆகி மொத்தமாக இழுக்கிறது.

பழைய பேட்டரி:
உண்டு. 120-ஐ 90-ஆல் வகுத்தால் ஒன்றேகால் சொச்சம். மூன்று படத்துக்கு நான்கு முறை, அதாவது இரண்டு படம் 8.3 மில்லி நொடி, மூன்றாவது 16.7. சில போன்கள் 90 ஆட்டம் என்று தெரிந்ததும் திரையையும் 90-க்கு மாற்றிவிடும், அப்போது இந்தத் தொல்லை இல்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் ஆட்டமே தன் வேகத்தைத் திரைக்குச் சொல்ல வழி இருக்கிறது. எல்லா ஆட்டமும் சொல்வதில்லை, எல்லா போனும் கேட்பதில்லை.

உங்கள் பத்து நிமிடக் கதை வேறு. சூடு ஏறியதும் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 90 கொடுக்க முடியாமல் 85, 68, 74 என்று ஆடும். அந்த ஆட்டத்தைவிட Extreme-இல் பூட்டி வைத்த 60 நன்றாக இருக்கும். கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடாதீர்கள்.

நிலா_ஜைரோ:
சார்ஜ் போடாமல் ஆடினால் மேட்ச் முடிவதற்குள் போன் முடிந்துவிடும்.

வெயிலான்:
120-க்கு மாற்றினேன். விக்கல் போய்விட்டது! தம்பியுடையதும் என்னுடையதும் இப்போது ஒன்று மாதிரிதான் இருக்கின்றன. 144-க்குக் காசு கொடுத்துவிட்டு 120-ல் ஆடுகிறேன் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது. சரி, அந்த 720 டச்சாவது உண்மையா?

ரீகோயில் ராஜா:
அதுதான் பெரிய பொய். ஆட்டம் நொடிக்கு 60 முறைதான் உன் விரலைப் பார்க்கிறது. 720-ஐ 60-ஆல் வகுத்தால் 12. ஒரு படத்துக்கு 12 தடவை விரலைப் படித்து, 11-ஐக் குப்பையில் போடுகிறது. இந்த வகுத்தலை அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார்.

கடைக்காரன்:
குப்பை என்றால் 2019-ல் வந்த ஆர்ஓஜி போன் 2-லேயே 240 ஹெர்ட்ஸ் டச் ஏன் வைத்தார்கள்? கேமிங்குக்கென்றே செய்த போன் அது. சும்மாவா வைப்பார்கள்?

பழைய பேட்டரி:
கடைக்காரரே, வைத்தார்கள் என்பதாலேயே பயன் என்று ஆகாது. ராஜா, உங்கள் 12 சரி, குப்பை என்பதுதான் தவறு. ஆண்ட்ராய்டு 4.1 காலத்திலிருந்தே தொடுதல் செய்திகளைச் சேர்த்து வைத்து, படத்துக்கு ஒரு கட்டாகத்தான் ஆட்டத்திடம் கொடுக்கிறார்கள். ஆட்டம் கடைசி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அந்தக் கடைசி எவ்வளவு புதிது என்பதுதான் லாபம். காலைப் பேப்பர் ஒன்றுதான் வாங்குகிறோம், அது இன்றையதா நேற்றையதா என்பது முக்கியமில்லையா?

எவ்வளவு புதிது? 120 ஹெர்ட்ஸ் டச்சில் விரல் பட்டது பதிவாகச் சராசரியாக 4.2 மில்லி நொடி காத்திருக்கும். 240-ல் 2.1. 720-ல் 0.7. ஆக 120-லிருந்து 240-க்கு வந்தபோது 2.1 மில்லி நொடி மிச்சம், 240-லிருந்து 720-க்குத் தாவினாலும் இன்னும் 1.4 தான் மிச்சம். இதற்குப் பக்கத்தில் ஆட்டத்தின் காத்திருப்பை வையுங்கள்: 60 ஃபிரேமில் உங்கள் தொடுதல் அடுத்த படத்துக்காகச் சராசரியாக 8.3 மில்லி நொடி நிற்கிறது, பிறகு வரைந்து, வரிசையில் நின்று, திரைக்கு வர இன்னும் இரண்டொரு படம். 60-லிருந்து 90 ஃபிரேம் திறந்தால் கிடைப்பது அதிகம், 240-லிருந்து 720 டச்சில் கிடைப்பது சொற்பம்.

720 உண்மையா என்பதை நீங்களே அளக்கலாம். ரூட் வேண்டாம். யூஎஸ்பி டிபக்கிங் இயக்கிக் கணினியில் செருகி இதை ஓட்டுங்கள்:

```
adb shell getevent -lr
```

விரலை வட்டமாக, நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். `SYN_REPORT` வரிகளின் கடைசியில் `rate` என்று ஓர் எண் வரும், அதுதான் நொடிக்கு எத்தனை தடவை என்பது. விரலைச் சும்மா வைத்திருந்தால் எண் விழுந்துவிடும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஹோம் திரையில் ஒருமுறை, ஆட்டத்துக்குள் கேம் மோட் இயக்கி ஒருமுறை பாருங்கள்.

வெயிலான்:
ஓட்டினேன். ஹோம் திரையில் 235 முதல் 240 வரை. கேம் மோடில் 350, 360. 720 ஒரு தடவைகூட வரவில்லை. பெட்டியைத் திரும்பப் பார்த்தேன், 720-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே எறும்பு எழுத்தில் "இன்ஸ்டன்ட்" என்று இருக்கிறது.

ரீகோயில் ராஜா:
😂 சொன்னேனா இல்லையா?

பழைய பேட்டரி:
அந்தச் சொல்லைப் போட்டிருந்தால், தொடர்ந்து இழுக்கும்போது கிடைக்கும் எண் அதுவல்ல என்று எடுத்துக்கொள்ளுங்கள். விரல் முதலில் படுகிற அந்தக் கணத்துக்கு மட்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். இந்தக் கட்டளை காட்டுவது கெர்னலுக்கு வந்து சேர்வதை மட்டும். டச் சிப் உள்ளுக்குள் எத்தனை தடவை பார்த்துவிட்டு எத்தனையை மேலே அனுப்புகிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மேலே வராததை ஆட்டம் பார்க்கப் போவதில்லை.

கடைக்காரன்:
எனக்கு ஒத்துவரவில்லை. கேம் மோட் போட்டால் கை லேசாகிறது என்று வாடிக்கையாளர் பத்துப் பேரில் ஏழு பேர் சொல்கிறார்கள். 1.4 மில்லி நொடி என்று காகிதத்தில் போட்டுவிட்டால் ஆயிற்றா?

பழைய பேட்டரி:
கேம் மோட் டச்சை மட்டும் தொடுவதில்லையே. சிப்பின் வேகத்தையும் தூக்கிவிடும், சில போன்களில் தொடுதலின் உணர்திறனையும் ஏற்றிவிடும், சின்ன அசைவுக்கே ஸ்கோப் நகரும். உங்கள் ஏழு பேர் எதை உணர்ந்தார்கள் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அடுத்த தடவை 60-க்கும் 120-க்கும் செய்தது மாதிரி, சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள்.

கடைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும். செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நிலா_ஜைரோ:
நான் ஸ்கோப்பை ஜைரோவில்தான் திருப்புகிறேன், விரலே படாது. அதற்கும் இந்த 720-க்கும் சம்பந்தம் உண்டா?

பழைய பேட்டரி:
இல்லை, ஜைரோ தனி சென்சார், அதன் வேகம் தனி. நெருப்புப் பொத்தானை அழுத்துகிற விரலுக்கு மட்டும்தான் டச் கணக்கு.

ரீகோயில் ராஜா:
அண்ணா, ஒரு கேள்வி. என் போன் 90 ஹெர்ட்ஸ், Extreme-இல்தான் ஆடுகிறேன். இவ்வளவு நாள் நான் பார்த்ததும் விக்கல்தானா?

பழைய பேட்டரி:
ஒரு படம் 11.1, அடுத்தது 22.2. திரையை 60-க்கு இறக்கிப் பாருங்கள். கண்ணுக்கு 60-க்கு மேல் தெரியாது என்றீர்களே, ஒருவேளை அதனால்தானோ என்னவோ.