மறு: ‘ராகா ராக்’ தமிழில் எப்படி?

தொகுப்பாளர்:
இசை அகராதியில் ‘ர’ வரிசையை முடித்துக்கொண்டிருக்கிறேன். 1966இல் பேர்ட்ஸ் குழுவின் ‘எய்ட் மைல்ஸ் ஹை’ வந்தபோது, இந்திய இசைச் சாயல் கொண்ட ராக் பாடல்களுக்குப் பரவிய ‘ராகா ராக்’ என்ற பெயருக்கு ‘இராகப் பாறையிசை’ என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். போட மனம் வரவில்லை. வேறு சொல் உண்டா?

கிடார்ப் பித்தன்:
‘ராக ராக்’ போதுமே. பீட்டில்ஸின் ‘நார்வீஜியன் வுட்’டில் (1965) ஜார்ஜ் ஹாரிசன் சிதாரில் வாசிப்பது அச்சு அசல் கமாஸ்தானே?

வீணை டீச்சர்:
இல்லை தம்பி. தொடக்கத்தில் ஹரிகாம்போதி ஸ்வரங்கள் வருகின்றன, அதுவரை சரி. நடு அடிகளில் அந்தர காந்தாரம் போய் சாதாரண காந்தாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, கரகரப்பிரியா வாடை. கமாஸ் பாடுகிறவர் இப்படிச் செய்தால் முன்வரிசை எழுந்து போய்விடும். மெட்டு கிடாருடையது, சிதார் அதன் பின்னால் நடக்கிறது.

அதே ஆண்டு வந்த கிங்க்ஸின் ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ பாட்டில் சிதாரே கிடையாது. கிடார் ஒரே சுருதியைப் பிடித்து ரீங்கரிக்கிறது, அவ்வளவுதான். யார்ட்பேர்ட்ஸ் ஒரு சிதார் கலைஞரை அழைத்துப் பதிவு செய்துவிட்டு, ஜெஃப் பெக் கிடாரில் வாசித்ததைத்தான் வெளியிட்டார்கள். ஆக, பெரும்பாலும் எடுத்துக்கொண்டது விடாத சுருதியையும் தந்தியின் கிர்ரென்ற நாதத்தையும். நாகஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று ஒருவர் ஊதுவாரே, ஒத்து? ‘ஒத்து ராக்’ என்றால் என்ன?

கிடார்ப் பித்தன்:
ஒத்து ஊதுகிறவன் என்று கேலி செய்வார்களே டீச்சர்!

புதிய உறுப்பினர்:
வணக்கம். என் மகனின் கீபோர்டில் 105ஆம் எண்ணை அழுத்தினால் சிதார் வருகிறது. அந்தப் பொத்தானுக்குத்தான் சொல் தேடுகிறீர்களா?

வீணை டீச்சர்:
அதற்கில்லை ஐயா. ஆனால் சிதார் மோகம் வடிந்த கதை உங்கள் பொத்தானில்தான் இருக்கிறது. 1967இல் கோரல் மின்சிதார் வந்தது. கிடாரைப் போலவே சுருதி கூட்டலாம், தந்திகளைத் தாங்கும் குதிரை மட்டும் சிதார் மாதிரி இரையும். தரையில் உட்கார்ந்து பழக வேண்டியதில்லை. நாதம் அத்தனை சுலபமாகக் கிடைத்ததும் எல்லாப் பாட்டிலும் கேட்டது, சீக்கிரமே சலித்தது.

நிஜச் சிதாரின் சிக்கல் வேறு. மீட்டாமலே கூட அதிரும் பத்துப் பன்னிரண்டு தரஃப் தந்திகளை ஒரு ராகத்துக்கென்று கூட்டி வைத்திருப்போம். மூன்று நிமிடப் பாட்டில் கிடாரின் கார்டு நாலு முறை மாறினால், அந்தத் தந்திகள் பழைய ஸ்வரத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். கார்டு மாறாமல் நின்றால்தான் சேரும். நின்றால் ராக் ரசிகன் எத்தனை பாட்டுக்குப் பொறுத்திருப்பான்? ரவிசங்கரிடம் கற்ற ஹாரிசனே 1968 வாக்கில் கிடாருக்குத் திரும்பிவிட்டார்.

தொகுப்பாளர்:
‘ட்ரோன்’ என்பதற்கு ‘ஒத்து’ என்று இன்றே சேர்த்துவிட்டேன். ‘ஒத்து ராக்’ மட்டும் பென்சில் குறியோடு இருக்கட்டும்.

கிடார்ப் பித்தன்:
அப்படியானால் ‘லவ் யூ டு’ (1966)? ஆலாபனை மாதிரித் தொடங்கி, தபேலாவும் சேர்கிறது. அதையும் வெறும் ஒத்து என்பீர்களா?

வீணை டீச்சர்:
அங்கேதான் என் சொல் இடிக்கிறது.