பொய்நேர்மறையா, வீண்சுட்டா? ஒரு கலைச்சொல் வேண்டும்

கயல்விழி:

வணக்கம். கட்டுரையை மாணவரே எழுதினாரா, ஏஐ எழுதியதா என்று சொல்லும் கண்டறி கருவிகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லில் மூன்று நாளாக நின்றுவிட்டேன். ஃபால்ஸ் பாசிட்டிவ் ரேட், அதாவது தாமே எழுதியவரை ஏஐ வைத்து எழுதியவர் என்று கருவி தவறாகக் காட்டும் வீதம். ‘பொய்நேர்மறை வீதம்’ என்று போட்டிருந்தேன். வரைவைப் படித்த ஓர் ஆசிரியர், “நேர்மறை என்றால் நல்லதுதானே? அப்படியானால் கருவி மாணவனுக்குச் சாதகமாகப் பொய் சொல்கிறதா?” என்று கேட்டார். முழுக்கத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, நாம் கொடுத்த சொல் அப்படி.

நான் நினைப்பது ‘வீண்பழி வீதம்’. படித்த உடனே யாருக்கு அடி என்று தெரிகிறது. உங்கள் கருத்து வேண்டும்.

சேகர்:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? ‘பிழை வீதம்’ என்றாலே போதும். பிழை வீதம் 2 சதவீதம் என்றால், கருவி பிடித்துக் கொடுக்கும் நூறு பேரில் 98 பேர் உண்மையிலேயே ஏஐ வைத்து எழுதியவர்கள், இரண்டு பேர் அப்பாவிகள். அந்த இரண்டு பேரை ஆசிரியர் விசாரித்து விட்டுவிடப் போகிறார். ஆசிரியர்களுக்கும் பழகிய சொல்.

அறிவழகன்:

சேகர், கருவி தவறு செய்யும் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த 98 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2 சதவீதம் என்பது பிடிபட்டவர்களில் 2 சதவீதம் இல்லை. தாமே எழுதியவர்களில் 2 சதவீதம். எதில் நூற்றுக்கு இரண்டு என்பதுதான் விஷயமே.

200 பேர் படிக்கும் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். 10 பேர் ஏஐயை எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள், 190 பேர் தாமே எழுதினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி அந்தப் பத்தில் எட்டைப் பிடிக்கிறது. நல்ல கருவிதான். 190 பேரில் 2 சதவீதம் என்றால் 3.8, அதாவது ஏறக்குறைய நான்கு பேர். ஆசிரியர் மேசைக்கு 12 பெயர்கள் வருகின்றன. அவற்றில் நான்கு பேர் தவறே செய்யாதவர்கள், மூன்றில் ஒரு பங்கு.

இப்போது கருவியைத் தொடாமல் வகுப்பை மட்டும் மாற்றுங்கள். ஏஐ பயன்படுத்தியவர்கள் இரண்டே பேர். கருவி அவர்களில் ஒருவரையோ இருவரையோ பிடிக்கும். மீதி 198 பேரில் அதே 2 சதவீதம், மறுபடி நான்கு பேர். ஆறு பெயர்கள் வந்தால் அதில் நான்கு பேர் அப்பாவிகள். ஒருவருமே ஏமாற்றாத வகுப்பில் வருகிற நான்கு பெயரும் அப்பாவிகளின் பெயர்கள். வகுப்பு எவ்வளவு நேர்மையாக இருக்கிறதோ, அந்தப் பட்டியலை அவ்வளவு குறைவாகத்தான் நம்பலாம்.

ஒரே ஒரு மாணவர் மேல் வேறு காரணத்தால் சந்தேகம் வந்து அவர் கட்டுரையை மட்டும் சோதிப்பது வேறு. அங்கே ஏற்கெனவே ஏதோ ஆதாரம் இருக்கிறது. வகுப்பு முழுவதையும் கருவியில் போடும்போது, சந்தேகமே இல்லாத நூற்றுத்தொண்ணூறு பேரையும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

உண்மையான எண்களும் உண்டு. ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் ஒரு கண்டறி கருவி வெளியிட்டது. ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் சரியாகக் குறிக்கிறது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகக் குறிக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். 100 பேரில் 10 பேர் ஏஐ பயன்படுத்திய வகுப்பில் போட்டுப் பாருங்கள். பிடிபடும் குற்றவாளிகள் இரண்டு மூன்று பேர், மாட்டிக்கொள்ளும் அப்பாவிகள் எட்டுப் பேர். துல்லியம் போதவில்லை என்று சொல்லி அந்த ஆண்டு ஜூலையிலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

பாத்திமா:

எந்தக் கருவி நல்லது என்று யாராவது சொல்வீர்கள் என்று படித்துக்கொண்டே வந்தேன். என் அக்கா மகன் இதில் மாட்டினான். முதல் கட்டுரைக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். இரண்டாவதையும் கருவி காட்டியதும், “ஒரு தடவை தவறாகலாம், இரண்டு தடவையும் தவறாகுமா?” என்று கேட்டுவிட்டார்கள். அவன் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக, தெரிந்த சொற்களை மட்டும் வைத்துத்தான் எழுதுவான். அவனுக்கு வருவதே அவ்வளவுதான். கடைசியில், எழுத எழுத மென்பொருள் தானாகச் சேமித்து வைத்த பழைய வடிவங்களைத் திறந்து காட்டினோம். இரண்டு மணி நேரம் ஒரே பத்தியை அடித்து அடித்து எழுதியது அதில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விட்டார்கள்.

அறிவழகன்:

பாத்திமா அம்மா, நல்ல வேளை, அந்த வடிவங்கள் இருந்தன. “இரண்டு தடவையும் தவறாகுமா” என்று கேட்டார்களே, அதற்குப் பதில் ஆகும் என்பதுதான். தவறு சீட்டுக் குலுக்கல் மாதிரி ஆளை மாற்றி மாற்றி விழுந்தால் ஒரே பையனுக்கு இரண்டு முறை விழுவது அரிது. ஆனால் இந்தக் கருவிகளில் பல, அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்க முடிகிறதா என்று பார்க்கின்றன. எளிய, வழக்கமான சொற்களில் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அதே நடையில்தான் எழுதுவார், ஒவ்வொரு முறையும் மாட்டுவார். இரண்டாவது குறியைப் புதிய ஆதாரமாக எடுக்கவே கூடாது.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் இதைக் காட்டினார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதம் ஏஐ எழுதியதாக வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றில் அப்படி வரவில்லை. ஆகவே, விளம்பரத்தில் போடும் ஒற்றை எண் உங்கள் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சொல்லுக்கு வருகிறேன். கயல்விழி, ‘வீண்பழி’யில் எனக்கு ஒரு தயக்கம். கருவி பழி சுமத்துவதில்லை, ஒரு குறி வைக்கிறது. பழி, அதைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர் செய்வது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டால், “கருவிதான் சொன்னது” என்று ஒதுங்க நாமே இடம் கொடுக்கிறோம். கருவி செய்வதை ‘வீண்சுட்டு’ என்று வைக்கலாம். வீண்சுட்டு வீதம். ரத்தப் பரிசோதனைக்கும் புகை எச்சரிப்பானுக்கும் கூடப் பொருந்தும். அங்கே பழி என்று சொல்ல முடியாதே.

சேகர்:

கணக்கு இப்போது புரிந்தது, நான் சொன்னது தவறுதான். ஆனால் ‘வீண்சுட்டு வீதம்’ என்று போட்டாலும் என்னைப் போல ஒருவர் மறுபடி பிடிபட்டவர்களில் இத்தனை சதவீதம் என்றுதான் படிப்பார். ‘வீதம்’ எதற்கு வீதம் என்று சொல் சொல்லவில்லை. அப்புறம், ‘சுட்டு’ என்றால் தோசை சுட்டு, துப்பாக்கியால் சுட்டு என்றெல்லாம் காதில் விழுகிறது.

கயல்விழி:

சேகர் சொன்ன முதல் குறை பெரிய குறை. இரண்டு அளவுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால்தான் தப்பிக்கலாம். தாமே எழுதியவர்களில் எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்பது வீண்சுட்டு வீதம். மாட்டியவர்களில் எத்தனை பேர் தாமே எழுதியவர்கள் என்பதை ‘வீண்பங்கு’ என்று வைத்துப் பார்க்கிறேன். அறிவழகன் ஐயாவின் வகுப்பில் முதலாவது 2 சதவீதம், இரண்டாவது 33 சதவீதம். கருவி விற்பவர் சொல்வது முதலாவதை. ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டாவதை.

‘வீண்பழி’யை அப்படியே விட மனம் வரவில்லை. குறியை மட்டும் நம்பித் தண்டித்தால் அது வீண்பழி என்று எழுதும் இடத்தில் வைத்துக்கொள்கிறேன். வாக்கியம் இப்போதைக்கு இப்படி:

“வகுப்பு முழுவதையும் சோதிக்கும் முன், தாமே எழுதியவர்களின் எண்ணிக்கையை வீண்சுட்டு வீதத்தால் பெருக்குங்கள். வரும் எண், தவறே செய்யாமல் உங்கள் முன் நிற்கப்போகும் மாணவர்களின் எண்ணிக்கை.”

‘சுட்டு’ காதில் இடறுகிறது என்பவர்கள் வேறு சொல் தாருங்கள். ‘வீண்குறி’ என்று ஒன்று தோன்றியது, ஆனால் ‘குறி’ மதிப்பெண்ணோடு குழம்புமோ என்று பயமாக இருக்கிறது.

பாத்திமா:

அந்த வாக்கியத்துக்குக் கீழேயே, பழைய வடிவங்களைக் கேட்டுப் பாருங்கள் என்றும் ஒரு வரி போடுங்கள் அம்மா. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, நாங்களாகத் தேடிக் கண்டுபிடித்தோம்.