அம்மம்மாவின்ர பேச்சில எதை வெட்டலாம், எதை விடோணும்?

எல்லாருக்கும் வணக்கம். 1995 ஒக்டோபர் 30 வலிகாம இடப்பெயர்வைப் பற்றி அம்மம்மா சொன்னதை ஒலிப்பதிவு செய்து, ஒரு சொல்லும் விடாமல் எழுதி வைச்சிருக்கிறன். இப்ப அதைப் பேரப்பிள்ளையள் வாசிக்கத் துப்புரவாக்கிறன். ஒரு இடம் இது:

"நாங்கள் வந்து... நாங்கள் அண்டைக்கு வந்து, என்ன, ஆறு மணி... இல்லை, ஏழு மணி இருக்கும், வெளிக்கிட்டு நடந்து நடந்து நாவற்குழிப் பாலத்தடிக்கு வந்து நிண்டம். முன்னுக்குப் போன சனம் அசையேலாமல் நிக்குதாம்."

நான் திருத்தினது:

"நாங்கள் அண்டைக்கு ஏழு மணி இருக்கும், வெளிக்கிட்டு நடந்து நடந்து நாவற்குழிப் பாலத்தடிக்கு வந்து நிண்டம். முன்னுக்குப் போன சனம் அசையேலாமல் நிக்குதாம்."

முதல் ரெண்டு "வந்து"வும் வெறும் இழுவை. மூண்டாவது வினை. முதல்ல கணினியில ஒரேயடியாத் தேடி அழிச்சதில அதுவும் போட்டுது. ஒலியைத் திரும்பக் கேட்டுத்தான் கண்டுபிடிச்சன். "நடந்து நடந்து" தூரத்தைச் சொல்லுது, அதால தொடேல்லை. "நிக்குதாம்" எண்டதை "நின்றது" ஆக்கினால், கேள்விப்பட்டதை அவ கண்ணால கண்ட மாதிரி ஆகிவிடும்.

எனக்கு ரெண்டு இடத்தில உதவி வேணும். "ஆறு... இல்லை, ஏழு" எண்டதில ஆறை வெட்டினது சரியோ? "இருக்கும்" எண்டது அவவின்ர தயக்கத்தைக் காட்டப் போதுமோ?

மற்றது, "தம்பியை நான்..." எண்டு தொடங்கி, நிப்பாட்டி, வேற கதைக்குப் போறா. விதிப்படி அது முடியாத தொடக்கம், வெட்டலாம். எனக்கு மனம் வரேல்லை. மூண்டு புள்ளியோட விட்டிருக்கிறன். வாய்மொழி வரலாறு எழுதிப் பழகின ஆக்கள் இந்த இடத்தில என்ன செய்வியள்?