முகம் வாடி வந்தவங்ககிட்ட முதல் வார்த்தை என்ன சொல்றது? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஜன்னலோரம்:
மூணு வாரமா மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன். காலைல பிரின்டர் பக்கத்துல ஆறேழு பேர் நின்னுட்டு இருந்தோம். கூட வேலை பாக்கிறவங்க உள்ள வந்தாங்க. கண்ணு சிவந்து இமையெல்லாம் வீங்கியிருந்துச்சு. பதறிப்போய், "ஐயோ, என்ன ஆச்சு? அழுதீங்களா?"ன்னு கேட்டுட்டேன். அக்கறையிலதான் கேட்டேன், ஆனா சத்தமா கேட்டுட்டேன். அத்தனை தலையும் திரும்புச்சு. அதுவரைக்கும் அவங்க முகம் கல்லு மாதிரி இருந்தது. நான் கேட்ட அந்த நொடியில கீழுதடு மட்டும் நடுங்க ஆரம்பிச்சது. கையில இருந்த பேப்பரை மார்போட அணைச்சுக்கிட்டு அப்படியே கழிவறைப் பக்கம் போயிட்டாங்க. பத்து நிமிஷத்துல மீட்டிங். அதுக்கும் வரல. அன்னைலேர்ந்து என்கிட்ட வேலையைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. நான் வேற என்ன சொல்லியிருக்கணும்?

மாடிப்படி:
நீங்களாவது கேட்டீங்க. நான் பார்க்காத மாதிரி போனவன். என் நண்பன் படிக்கட்டுல உக்காந்து ஷூ லேஸைக் கட்டிட்டு இருந்தான். கட்டி முடிச்சதையே அவிழ்த்து அவிழ்த்து மறுபடி கட்டினான். ஏதோ சரியில்லைன்னு நல்லாவே புரிஞ்சுது. தொந்தரவு பண்ண வேண்டாம்னு போனைப் பார்த்துக்கிட்டே அவனைத் தாண்டி ஏறிட்டேன். அவங்க அப்பா அப்போ தீவிர சிகிச்சைப் பிரிவுல இருந்தாருங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு வருஷம் கழிச்சு அவன் சொன்னது இதுதான்: "நீ எதுவும் கேக்க வேண்டாம்டா. தினமும் சொல்ற மாதிரி 'என்னடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." அந்த லேஸ் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

தெளிவு77:
ரெண்டு பேருமே குழப்பிக்கிறீங்க. நேர்ல ஒண்ணும் பேசக் கூடாது. ஒரு டிஷ்யூ எடுத்துக் கையில குடுங்க, அப்புறம் "எதுவா இருந்தாலும் சொல்லு, நான் இருக்கேன்"னு மெசேஜ் போடுங்க. நான் எப்பவும் இப்படித்தான் செய்யறேன், யாரும் கோவிச்சுக்கிட்டதில்ல.

மூணாம்_ஷிப்ட்:
நான் ஆஸ்பத்திரி வார்டுல 14 வருஷமா நர்ஸ். அழுத முகத்தோட டியூட்டிக்கு வர்றவங்களை நிறைய பார்த்திருக்கேன். தெளிவு77, மெசேஜ் நல்ல யோசனை. ஆனா டிஷ்யூவை நீட்டினா, "கண்ணைத் துடை, அழாதே"ன்னு சொல்ற மாதிரி சிலருக்குப் படும். பெட்டியைக் கை எட்டுற தூரத்துல வெச்சுட்டா போதும், வேணும்னா எடுத்துப்பாங்க. "எதுவா இருந்தாலும் சொல்லு"ன்னு எழுதினா, அதுக்கும் ஒரு பதில் யோசிக்க வேண்டிய வேலை அவங்க தலையிலதான் விழும். நான் எழுதினா "பதில் போட வேண்டாம்"னு சேர்த்துடுவேன்.

ஜன்னலோரம், உங்க கேள்வியில அக்கறைக்குக் குறைவில்ல. வீட்டுலேர்ந்து அங்க வர்ற வரைக்கும் அவங்க முழு பலத்தோட அழுகையை அடக்கிட்டு வந்திருப்பாங்க. "என்ன ஆச்சு"ன்னு கேட்டா பதில் சொல்லணும், பதில் சொல்ல வாயைத் திறந்தா அடக்கினது உடையும். அதுவும் எல்லார் முன்னாடியும். அதனால முதல் வார்த்தை கேள்வியா இருக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்றேன். காலை ஷிப்ட் கைமாத்துற நேரம், ஜூனியர் பொண்ணு ஒருத்தி வீங்கின கண்ணோட வந்தா. எப்பவும் போல அவ பேரைச் சொல்லி "வந்துட்டியாம்மா"ன்னேன். குரலை மட்டும் கொஞ்சம் தணிச்சேன். பக்கத்துல யாரும் இல்லாதப்ப, "பத்து மணி வரைக்கும் நான் மருந்து அலமாரிகிட்டதான் இருப்பேன். முதல் ரெண்டு பெட்டை நான் பார்த்துக்கவா?"ன்னு கேட்டேன். தலையை ஆட்டினாலே போதும்கிற மாதிரிக் கேள்வி. ஆட்டினா. நான் நகர்ந்துட்டேன். ஒன்பதரை வாக்குல அவளே வந்து பக்கத்துல நின்னு மாத்திரை அட்டைகளை அடுக்க ஆரம்பிச்சா. ரெண்டு பேரும் அலமாரியைப் பார்த்துக்கிட்டே நின்னோம். நேருக்கு நேர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தா சொல்லியிருக்க மாட்டா. பாதி சொன்னா. மீதியை நான் கேக்கல.

"ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு உடம்பைத் திருப்பிக்கிட்டா விட்டுடுங்க. "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லியும் நகராம நின்னா, நீங்களும் பேசாம நில்லுங்க. சாயங்காலம் கிளம்பும்போது "நாளைக்குப் பார்ப்போம்"னு ஒரு தடவை சொல்லுங்க, போதும். மறுநாள் "இப்ப பரவாயில்லையா?"ன்னு ஆளாளுக்குக் கேக்கிறதுதான் பெரிய கொடுமை.

ஒரே ஒரு இடத்துல மட்டும் ஒதுங்காதீங்க. "நான் இருந்து என்ன ஆகப் போகுது"ங்கிற மாதிரிப் பேச்சு வந்தா, தனியா கூட்டிட்டுப் போய் "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேக்கிறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னா தனியா விடாதீங்க, உடனே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்க.

வறண்ட_கண்:
எனக்கு அலர்ஜி. வருஷத்துல பாதி நாள் கண்ணு சிவந்துதான் இருக்கும். "ஏன் அழுதீங்க, வீட்ல பிரச்சினையா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க, இல்லைன்னா நம்ப மாட்டாங்க. ஒரு தடவை மேலதிகாரி கதவைச் சாத்திட்டு அரை மணி நேரம் ஆறுதல் சொன்னாரு. அவர் மனசு நோகக் கூடாதேன்னு கடைசில ஆமான்னு தலையாட்டிட்டு வந்தேன். இன்னிக்கும் அது எனக்கு உறுத்தலா இருக்கு. தயவுசெஞ்சு அழுதீங்கன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க.

கடைசி_வரிசை:
மூணாம்_ஷிப்ட், மத்ததெல்லாம் ஒத்துக்கிறேன். வேலையை வாங்கிக்கிறதை மட்டும் ஒத்துக்க முடியல. எனக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்ன மறுநாள் ஆபீஸ் போனேன். நான் ரெண்டு மாசமா தயார் பண்ணின விளக்கவுரை அன்னிக்கு. "நீங்க ரெஸ்ட் எடுங்க, நான் பேசிக்கிறேன்"னு டீம் லீடர் வாங்கிட்டாரு. அன்னிக்கு என்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். கடைசி வரிசையில உக்காந்து என் ஸ்லைடை இன்னொருத்தர் படிக்கிறதைக் கேட்டேன்.

மூணாம்_ஷிப்ட்:
நியாயம். நான் "பார்த்துக்கவா?"ன்னு கேட்டேன், அவர் "பேசிக்கிறேன்"னு முடிவே பண்ணிட்டாரு. ஆனா நீங்க சொன்ன பிறகு யோசிக்கிறேன், நான் சீனியர். என்கிட்ட வேண்டாம்னு சொல்ல அந்தப் பொண்ணுக்கு வாய் வந்திருக்குமான்னு தெரியல.

தெளிவு77:
அப்போ மேல இருக்கிறவங்க எதுவுமே செய்யக் கூடாதுங்கிறீங்களா?

கடைசி_வரிசை:
"இன்னிக்கு நீங்க பேசறீங்களா, தள்ளி வெச்சுக்கலாமா?"ன்னு கேட்டிருந்தா பேசறேன்னுதான் சொல்லியிருப்பேன். எல்லாரும் அப்படிச் சொல்வாங்களான்னு எனக்குத் தெரியாது.

மாடிப்படி:
ஜன்னலோரம், நீங்க அவங்ககிட்ட அதைப் பத்திப் பேசிப் பார்த்தீங்களா? நான் ஒரு வருஷம் பேசாம இருந்துட்டேன். நண்பனே ஆரம்பிச்சதாலதான் தெரிஞ்சுது.

ஜன்னலோரம்:
இன்னிக்குப் பேசினேன். பிரின்டர்கிட்ட நாங்க ரெண்டு பேர் மட்டும் இருந்தோம். நானும் மெஷினைப் பார்த்துக்கிட்டே, "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். தப்பு. மன்னிச்சுக்கோங்க"ன்னேன். காரணம் எதுவும் கேக்கல. கொஞ்ச நேரம் பேப்பர் வர்ற சத்தம் மட்டும்தான். அப்புறம் "ம்"னாங்க. தட்டுல அவங்க தாளோட என்னுதும் கலந்து கிடந்துச்சு. என்னுதைப் பிரிச்சு எடுத்து, ஓரத்தைத் தட்டிச் சீராக்கி, என் கையில குடுத்துட்டுப் போனாங்க.