கலைச்சொல்: ஓவர்ஃப்ளோ வழிகிறதா, சுற்றுகிறதா?

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். பகா எண் சோதனை பற்றி ஒரு பாடம் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, ஓர் எண்ணைப் பெரிய அடுக்குக்கு உயர்த்தி m-ஆல் வகுத்த மீதியை மட்டும் எடுப்பது. இதற்கு "மட்டு அடுக்கேற்றம்" என்று வைத்திருக்கிறேன். இன்னொன்று, 64 பிட்டுக்குள் பெருக்கல் அடங்காமல் போவது. அதற்கு "மிகைவழிவு".

பாடத்தில் காட்டும் எடுத்துக்காட்டு இது. m = 1000000000039, ஒரு பகா எண். a = m − 1. மீதிக் கணக்கில் a என்பது −1-க்குச் சமம், அதன் வர்க்கம் 1 வர வேண்டும். `uint64_t`-இல் `a * a % m` என்று எழுதினால் 205128748324 வருகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை, நிரல் பாட்டுக்கு ஓடி முடிகிறது. இந்த நிகழ்வுக்கு "மிகைவழிவு" பொருந்துமா?

ராமநாதன்:

அம்மா, 34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன். "மட்டு எண்கணிதம்" பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது, அதனால் "மட்டு" சரி. ஆனால் இரண்டாவது சொல்லே தேவைப்படாதே? அடுக்கு முழுவதையும் பெருக்கிவிட்டுக் கடைசியில் வகுத்தால்தான் எண் பெரிதாகும். அடுக்கைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு மீதி எடுங்கள். எண் எப்போதும் m-க்குள்ளேயே இருக்கும். வழிய என்ன இருக்கிறது?

அன்வர்:

ஐயா சொன்னதில் பாதி சரி. ஒவ்வொரு படியிலும் மீதி எடுத்தால் பெருக்கப்போகும் இரண்டு எண்களும் m-ஐ விடச் சிறியவை. ஆனால் மீதி எடுப்பது பெருக்கிய பிறகுதானே? நடுவில் அந்தப் பெருக்கற்பலன் ஒரு கணம் எங்காவது உட்கார வேண்டும். m என்பது 2^32-க்குள் இருந்தால் பலன் 64 பிட்டுக்குள் அடங்கிவிடும், ஐயா சொன்ன முறையே போதும். போட்டி நிரலாக்கத்தில் எல்லோரும் எடுக்கும் 1000000007-க்குப் பிரச்சினை வராததன் காரணம் அதுதான். கயலின் m 13 இலக்கம். வர்க்கம் 25 இலக்கம் போகும். `uint64_t` கொள்வது 20 இலக்கம், அதுவும் முழுதாக இல்லை.

கையால் போட்டுப் பார்க்க 8 பிட்டுக்கு இறங்குவோம். m = 200, 150-ஐ 150-ஆல் பெருக்கினால் 22500. மீதி 100. இதுதான் சரியான விடை. 8 பிட் கணினியோ 22500-ஐ வைக்க இடமில்லாமல் முதலில் 256-ஆல் மீதி எடுத்துவிடும்: 228. அதற்குப் பிறகு நாம் 200-ஆல் மீதி எடுத்தால் 28. நாம் கேட்ட மீதிக்கு முன்னால் கேட்காத மீதி ஒன்று நுழைந்துவிட்டது.

எனக்கு "மிகைவழிவு" பிடிக்காததற்குக் காரணமும் இதுவே. பால் பொங்கி வழிந்தால் அடுப்பைப் பார்த்தாலே தெரியும். இங்கே எதுவும் வெளியே சிந்துவதில்லை. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி 99999 தாண்டியதும் 00000-க்கு வருமே, அந்த மாதிரி. "சுற்றல்" என்று வைக்கலாம்.

மணிமேகலை:

எனக்கும் இதே தொல்லைதான்! எக்செல்லில் 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடுகிறது. வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் போனது. அதுவும் சுற்றலா?

அன்வர்:

இல்லைங்க, அது வேறு. எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். உங்கள் எண்ணின் தலை பத்திரமாக இருக்கிறது, வால் தேய்ந்துவிட்டது. கயலுடையதில் தலை போய் வால் மிஞ்சுகிறது. (அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத் தட்டுங்கள், சரியாகிவிடும்.)

ஆனால் நல்ல நேரத்தில் கேட்டீர்கள். `long double`-இல் ஈவைத் தோராயமாகக் கண்டுபிடித்து மீதி எடுக்கும் குறுக்கு வழி ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அந்த வகை 80 பிட்டாக இருக்கும் கணினியில் பெரும்பாலும் ஒத்துழைக்கும். அதுவே வெறும் `double` ஆக இருக்கும் கம்பைலரில் 53 பிட்டுக்கு மேல் தேய்ந்து, தப்பான விடை வரலாம். "தேய்வு"க்கும் ஒரு சொல் இருந்தால் நல்லது.

நிரோஷன் (யாழ்ப்பாணம்):

இரண்டு விஷயம். எங்கள் பாடப்புத்தகங்களில் அடுக்கு என்பதைச் "சுட்டி" என்றே படித்தோம், சுட்டி விதிகள் என்று. "அடுக்கேற்றம்" எங்கள் பிள்ளைகளுக்குப் புதிது. அதோடு "மட்டு" என்றால் −5-ஐ 5 ஆக்குவதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

மற்றது, தீர்வைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் விண்டோஸில் விசுவல் ஸ்டூடியோ பாவிக்கிறேன்.

கயல்விழி:

"சுட்டி" என்றால் எங்கள் பக்கம் பாயிண்டர். சி மொழிப் பாடத்தில் அதை அடுக்குக்கும் வைத்தால் குழப்பம்தான். ஆனால் "மட்டு" பற்றிச் சொன்னது சரி. எங்கள் புத்தகத்திலும் "மட்டு மதிப்பு" அதே பொருளில் உண்டு. "மீதி அடுக்கு" என்று எளிமையாக வைத்தால்? பெருக்கலுக்கு "மீதிப் பெருக்கல்".

அன்வர்:

மீதிப் பெருக்கல் அருமை. தீர்வு, ஜிசிசி அல்லது கிளாங் என்றால் 64 பிட் கணினியில் ஒரே வரி:

```c
uint64_t mul(uint64_t a, uint64_t b, uint64_t m) {
    return (unsigned __int128)a * b % m;
}
```

அடைப்பைத் தள்ளிப் போட்டு `(unsigned __int128)(a * b) % m` என்று எழுதியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே 64 பிட்டிலேயே பெருக்கிச் சுற்றிவிட்ட பிறகு பெரிய பாத்திரத்தில் ஊற்றிப் பயன் இல்லை.

நிரோஷன், உங்கள் கம்பைலரில் `__int128` கிடையாது. `_umul128` என்ற உள்ளமைச் செயற்கூறு இருக்கிறது, 128 பிட் பலனை இரண்டு துண்டாகத் தரும். எங்கேயும் ஓடும் வழி வேண்டுமென்றால் பெருக்கவே பெருக்காதீர்கள். a-யை இரட்டித்துக்கொண்டே போய், b-யில் 1 இருக்கும் பிட்டுகளுக்கு மட்டும் கூட்டுங்கள். ஒரு பெருக்கலுக்கு 64 சுற்று வரை ஆகும், மெதுவானது. இதிலும் ஒரு குழி உண்டு: m, 2^63-ஐத் தாண்டினால் கூட்டலே சுற்றிவிடும். அதனால் கூட்டும் முன்பே எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க வேண்டும். a, b இரண்டும் m-ஐ விடச் சிறியவையாக இருந்தால் இது போதும்:

```c
uint64_t add(uint64_t a, uint64_t b, uint64_t m) {
    return a >= m - b ? a - (m - b) : a + b;
}
```

ராமநாதன்:

150, 150, 200 போட்டுப் பார்த்தேன். m − b = 50, a அதைவிடப் பெரியது, விடை 100. நேராகக் கூட்டினால் 300, உங்கள் 8 பிட்டில் 44. புரிந்தது. நான் முன்னே சொன்னது சின்ன m-க்குத்தான்.

"சுற்றல்" என்றால் ஊர் சுற்றல் மாதிரி இருக்கிறதே. "சுழிவு"?

நிரோஷன்:

சுழி என்றால் பூச்சியம் என்றும் பொருள் வருகுது ஐயா. சுற்றிச் சுழி ஆனது என்று விளங்கிக்கொள்வார்கள். ஒன்று கேட்கிறேன்: `int64_t`-இலும் சுற்றல்தானா? அங்கே எனக்குக் குறை எண் வந்தது.

அன்வர்:

உங்கள் கணினியில் சுற்றியிருக்கிறது. ஆனால் சி மொழி அதற்கு உத்தரவாதம் தரவில்லை. குறியற்ற வகை சுற்றும் என்று விதியே இருக்கிறது. குறியுள்ள வகையில் எல்லை மீறினால் என்ன நடக்கும் என்று மொழி சொல்லவே இல்லை. அது நடக்காது என்று நம்பி கம்பைலர் உங்கள் சோதனை வரியையே தூக்கிவிடக்கூடும். அதைச் சுற்றல் என்று எழுதினால் தப்பான நம்பிக்கை கொடுத்துவிடுவோம்.

கயல்விழி:

அப்போ இரண்டு சொல்: குறியற்றதற்குச் "சுற்றல்", குறியுள்ளதற்கு "வழிதல்". "மிகை"யை எடுத்துவிடுகிறேன். "மீதி அடுக்கு", "மீதிப் பெருக்கல்" இரண்டையும் பாடத்தில் போட்டுவிட்டேன். யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்காக முதல் இடத்தில் மட்டும் "அடுக்கு அல்லது சுட்டி" என்று எழுதுகிறேன். தேய்வுக்கு இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, அதைத் தனி மடலில் பார்ப்போம்.